முறையா, முறையியலா? ஆய்வு முன்மொழிவில் எந்தச் சொல்லை எங்கே வைப்பது

முதல்முறையாக ஆய்வு முன்மொழிவு எழுதுகிறவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது ஓர் இடத்தில்தான். தலைப்பு, நோக்கம், முன்னாய்வுகள் எல்லாம் எழுதியாயிற்று. அடுத்து 'ஆய்வு முறையியல்' என்று தலைப்புப் போட்டுவிட்டு, கீழே இப்படி எழுதுகிறார்கள்:

"இவ்வாய்வு புதிய அணுகுமுறையில், அறிவியல் முறைகளையும் நவீன நுட்பங்களையும் உரிய நடைமுறைகளையும் பின்பற்றி முறையாக மேற்கொள்ளப்படும்."

இந்த ஒரு வாக்கியத்தில் 'முறை' நான்கு தடவை வருகிறது. என்ன செய்யப்போகிறார் என்பது மட்டும் வரவில்லை. மதிப்பீட்டாளர் இதைப் படித்ததும் பென்சிலால் ஒரு வட்டம் போட்டு, ஓரத்தில் 'எப்படி?' என்று எழுதுவார். நானும் பல தடவை எழுதியிருக்கிறேன்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இங்கே கூடுதலாக ஒரு சங்கடம் உண்டு. ஆங்கிலத்தில் அப்ரோச், மெத்தட், டெக்னிக், புரொசீஜர் எல்லாம் காதுக்கே வேறுவேறாகக் கேட்கின்றன. நம்மிடமோ அணுகுமுறை, வழிமுறை, செய்முறை, செயல்முறை, நடைமுறை, நெறிமுறை என்று எல்லாம் ஒரே வாலோடு திரிகின்றன. போதாக்குறைக்கு 'முறை' என்ற சொல்லே அத்தை மகளுக்கும் ஆகும், வயலுக்குத் தண்ணீர் விடும் நாளுக்கும் ஆகும். 'செய்முறை' என்றால் பள்ளிப் பிள்ளைக்கு ஆய்வகத் தேர்வு, சமையல் பக்கத்தில் பக்குவம், தென்மாவட்டக் கல்யாண வீட்டில் தாய்மாமன் கொண்டுவரும் சீர். சொற்களின் பொருள் இப்படிப் பரந்து கிடப்பதால், அகராதியைப் புரட்டி வித்தியாசம் கண்டுபிடிக்கலாம் என்று நினைத்தால் நாள்தான் போகும். சொல்லுக்கு முன்னால் நிற்கும் கேள்வியைப் பிடித்துவிட்டால் வேலை சுலபம்.

ஒரு மாணவியின் முன்மொழிவை வைத்தே இதைச் செய்துபார்க்கலாம். ஏரி வண்டலைப் பற்றிய ஆய்வு அது.

முதலில் இந்தச் சொற்கள் ஒன்றுகூட இல்லாமல் சொல்லுங்கள்

அவர் கொண்டுவந்த தாளில் மேலே சொன்னதைப் போன்ற வாக்கியம்தான் இருந்தது. தாளை மூடி வைத்துவிட்டு, "என்னதான்மா செய்யப்போறே, சும்மா சொல்லு" என்றேன்.

"எங்க ஊர்ப் பக்கம் ஏரியில வண்டல் எடுத்துக் கொல்லைக்கு அடிக்கிறாங்க சார். அதனால மண்ணுல கரிமச் சத்து கூடுதான்னு பாக்கணும். வண்டல் அடிச்ச நிலத்துலயும் அடிக்காத நிலத்துலயும் மண்ணெடுத்து லேப்ல பாப்பேன். விவசாயிங்ககிட்டயும் பேசுவேன்."

"மண்ணைப் பாத்தாப் போதாதா? அவங்ககிட்ட எதுக்குப் பேசணும்?"

"போதாது சார். தேஞ்சுபோன நிலமாப் பாத்துத்தான் வண்டல் அடிப்பாங்க. அது இன்னைக்குப் பக்கத்து நிலத்துக்குச் சமமா இருந்தாலே கூடியிருக்குன்னுதானே அர்த்தம்? எந்த நிலத்துக்கு ஏன் அடிச்சாங்கன்னு தெரியாம நம்பரை மட்டும் பாத்தா ஒண்ணுமே மாறலன்னு எழுதிடுவோம்."

இந்தக் கடைசிப் பதில்தான் அவருடைய முறையியல். வாயில் இருந்தது, தாளில் இல்லை.

நீங்களும் இப்படியே தொடங்குங்கள். யாரிடமாவது சொல்லுங்கள், அல்லது கைபேசியில் பேசிப் பதிவுசெய்து எழுத்தாக்குங்கள். ஒரு பக்கம் வந்தால் போதும். அந்தப் பக்கத்தில் முறை, நுட்பம், அணுகுமுறை எதுவும் இருக்கக் கூடாது. 'மண்ணெடுப்பேன்', 'பேசுவேன்', 'ஒப்பிடுவேன்' என்று வினைச்சொற்களே இருக்கட்டும்.

பிறகு ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அது எந்தக் கேள்விக்குப் பதில் என்று எழுதுங்கள்

ஐந்து சொற்களுக்கு ஐந்து கேள்விகள். எங்கிருந்து பார்க்கிறேன் என்பதற்குப் பதில் அணுகுமுறை. என்ன செய்து விடை காண்பேன் என்பதற்குப் பதில் முறை. அதற்குள் எந்தக் கைத்திறனைப் பயன்படுத்துவேன் என்பது நுட்பம். எவ்வளவு, எத்தனை, எதற்குப் பின் எது என்பது செயல்முறை. இவற்றையெல்லாம் ஏன் தேர்ந்தேன் என்பது முறையியல்.

அணுகுமுறையிலிருந்து தொடங்குவோம். எண்களையும் பேச்சையும் சேர்த்துப் பார்ப்பேன், ஒன்றில்லாமல் மற்றதற்குப் பொருள் வராது என்று மாணவி நினைக்கிறார். இதைக் கலப்பு அணுகுமுறை என்போம். இன்னொருவர் இதே கேள்வியை மண்ணின் எண்களை மட்டும் வைத்து ஆராயலாம். வேறொருவர் மண்ணைத் தொடாமல் விவசாயிகளின் அறிவை மட்டும் ஆராயலாம். அணுகுமுறைக்கு அடையாளம் இதுதான்: விவரமறிந்த ஒருவர் வேறு பக்கம் நின்று பார்க்க இடமிருக்க வேண்டும். 'அறிவியல் அணுகுமுறை' என்று எழுதினால், அறிவியலற்ற அணுகுமுறையில் ஆய்வு செய்வேன் என்று எவராவது எழுதுவாரா என்று யோசித்துப் பாருங்கள். எதிர்ப்பக்கம் இல்லாத சொல்லை அங்கிருந்து எடுத்துவிடலாம். 'புதிய அணுகுமுறை' என்பதற்கும் இதே கதிதான்.

அடுத்தது முறை. வண்டல் அடித்த நிலத்தையும் அடிக்காத நிலத்தையும் இணை இணையாக வைத்து ஒப்பிடுவது ஒரு முறை. மண்ணின் கரிமச் சத்தை அளக்க வாக்லி–பிளாக் முறை என்று பெயர்பெற்ற ஒன்று இருக்கிறது. 1934இல் வெளியானது, இன்றும் மண் ஆய்வகங்களில் புழங்குகிறது. பெரும்பாலும் முறைக்கு ஒரு பெயர் இருக்கும், தொடக்கமும் முடிவும் இருக்கும், கடைசியில் கையில் ஒரு விடை இருக்கும்.

முறைக்கும் நுட்பத்துக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள். வாக்லி–பிளாக் முறையே அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதில் மண்ணிலுள்ள கரிமத்தை டைகுரோமேட்டும் அமிலமும் சேர்ந்து ஆக்சிஜனேற்றம் செய்கின்றன. செலவாகாமல் மீந்த டைகுரோமேட் எவ்வளவு என்று தெரிந்தால், செலவானது தெரியும், அதிலிருந்து கரிமம் தெரியும். மீந்ததை எப்படி அளப்பது? பியூரெட்டிலிருந்து சொட்டுச் சொட்டாக விட்டுத் தரம்பார்க்கலாம். அல்லது கரைசலின் நிறச்செறிவை நிறமானியில் அளந்து கணக்கிடலாம். இரண்டு வழியிலும் அடிப்படை ஒன்றே, முறையும் ஒன்றே, மாறியது நுட்பம். தரம்பார்த்தலைத் தனியே எடுத்து, தண்ணீரின் கடினத்தன்மையைக் காணவும் வினிகரின் அமிலத்தைக் காணவும் பயன்படுத்தலாம். நுட்பம் ஆய்வு விட்டு ஆய்வு தாவும். அது கையோடு வருவது.

இந்த இடத்தில் 'தொழில்நுட்பம்' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அது டெக்னாலஜி. டெக்னிக் என்ற பொருளுக்கு நுட்பம் போதும், மனிதரோடு பேசுவது, வகுப்பு நடத்துவது, இலக்கியத்தைப் பிரித்துப் படிப்பது போன்றவற்றுக்கு 'உத்தி' இன்னும் நன்றாகப் பொருந்தும். உத்தி பழைய சொல். நூல் எழுதுவதற்குரிய முப்பத்திரண்டு உத்திகளைத் தொல்காப்பியமும் நன்னூலும் பட்டியலிடுகின்றன. நேர்காணலில் 'ஏன்' என்று நேரடியாகக் கேட்காமல், "போன தடவை வண்டல் அடிச்ச அன்னைக்கு என்ன நடந்துச்சு, முதல்லேருந்து சொல்லுங்க" என்று கதையாகச் சொல்லவைப்பது ஓர் உத்தி. அதை நுட்பம் என்றால் தவறில்லை, ஏதோ கருவி இருப்பதுபோல் மட்டும் ஒலிக்கும்.

செயல்முறை என்பதில் எண்கள் வந்தே தீர வேண்டும். மாணவி முதலில் 'மண் மாதிரிகள் உரிய நடைமுறைப்படி சேகரிக்கப்படும்' என்று எழுதியிருந்தார். திருத்திய பின் அது இப்படி ஆனது:

"ஒவ்வொரு நிலத்திலும் வரப்போரம், மரநிழல், எருக்குவியல் இருந்த இடம் ஆகியவற்றைத் தவிர்த்துப் பத்து இடங்களைத் தேர்வேன். மேற்பரப்புச் செத்தையை நீக்கி, 'வி' வடிவில் 15 செ.மீ. ஆழம் குழி வெட்டி, பக்கச்சுவரிலிருந்து மேலிருந்து கீழ்வரை சீராக மண்ணைச் சீவி எடுப்பேன். பத்து இடத்து மண்ணையும் ஒன்றாகக் கலந்து பரப்பி, நான்காகப் பிரித்து எதிரெதிர்ப் பகுதிகள் இரண்டை நீக்குவேன். அரைக் கிலோ மிஞ்சும்வரை இதைத் திரும்பச் செய்வேன். நிழலில் உலர்த்தி, 0.2 மி.மீ. சல்லடையில் சலித்த மண்ணில் 1 கிராம் எடுத்து, 10 மி.லி. 1 நார்மல் பொட்டாசியம் டைகுரோமேட்டும் 20 மி.லி. அடர் கந்தக அமிலமும் சேர்த்து 30 நிமிடம் வைப்பேன். பிறகு நீர் சேர்த்து, ஃபெரஸ் அம்மோனியம் சல்பேட்டால் தரம்பார்ப்பேன்."

இதைப் படித்துவிட்டு முன்பின் தெரியாத ஒருவர் இன்னொரு ஊரில் அதையே செய்யலாம். செயல்முறைக்குச் சோதனை அதுதான். நீங்கள் எழுதியதை நண்பரிடம் கொடுத்து, "இதை வச்சு நீ போய் மண்ணெடுத்துட்டு வந்துடுவியா?" என்று கேளுங்கள். அவர் எங்கே திருப்பிக் கேள்வி கேட்கிறாரோ அங்கே ஓர் எண்ணோ ஓர் இடமோ விடுபட்டிருக்கிறது.

சொல்லைப் பற்றி ஒன்று. செயல்முறை என்பதைப் புராசஸ் என்ற பொருளிலும் பலர் எழுதுகிறார்கள். மண் உருவாகும் செயல்முறை என்றால் அது தானாக நடப்பது. உங்கள் முன்மொழிவில் அந்தப் பொருள் வருமானால் அதை 'நிகழ்வு' என்றோ 'மண் உருவாகும் விதம்' என்றோ மாற்றிவிட்டு, செயல்முறையை நீங்கள் செய்யும் படிகளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். 'நடைமுறை' வேண்டாம். அது வழக்கத்தில் உள்ளதைக் குறிக்கும்: விவசாயிகளின் உரமிடும் நடைமுறை என்றால் பொருத்தம், உங்கள் ஆய்வுப் படிகளுக்கு அது பொருந்தாது. 'நெறிமுறை'யை ஆய்வு அறத்துக்கு விட்டுவிடுங்கள். நேர்காணலுக்குச் சம்மதம் வாங்குவது, பெயரை மறைப்பது எல்லாம் அங்கே வரும். சில பாடத்திட்டங்களில் முறையியலையே நெறிமுறை என்று எழுதியிருப்பார்கள். உங்கள் துறை அப்படி எழுதினால் தலைப்பை அவர்கள் வழியிலேயே போட்டுவிட்டு, அறத்துக்கு 'ஆய்வு அறம்' என்று தனித் தலைப்பு கொடுத்துவிடுங்கள்.

முறையியலில் 'ஏனெனில்' வேண்டும்

முறையியல் என்பது முறைகளின் பட்டியல் அல்ல. முறையைப் பற்றிய வாதம். 'இயல்' என்ற ஒட்டு அங்கே சும்மா நிற்கவில்லை. சமூகத்துக்கும் சமூகவியலுக்கும் உள்ள தூரம் இங்கேயும் உண்டு. கருத்தரங்கில் பெரிதாக ஒலிக்கும் என்று முறைக்குப் பதிலாக முறையியலைப் போடுவது இன்று பரவிப்போன பழக்கம். 'தரம்பார்த்தல் முறையியல்' என்றுகூடப் பார்த்திருக்கிறேன்.

உங்கள் முறையியல் பகுதியில் 'ஏனெனில்', 'ஆதலால்', 'என்பதால்' ஆகியவற்றைத் தேடுங்கள். ஒன்றுமே அகப்படவில்லை என்றால் அந்தப் பகுதி இன்னும் எழுதப்படவில்லை என்று பொருள்.

மாணவியின் முன்மொழிவில் இரண்டு 'ஏனெனில்'கள் தேவைப்பட்டன. ஏன் இணை நிலங்கள்? வண்டல் அடிக்கிறவர் பெரும்பாலும் சாணியெருவும் போடுகிறவராக இருப்பார். ஒருவர் நிலத்தையும் இன்னொருவர் நிலத்தையும் ஒப்பிட்டால், கூடிய கரிமம் வண்டலால் வந்ததா எருவால் வந்ததா என்று பிரிக்க முடியாது. ஆகவே ஒரே விவசாயியின் இரண்டு நிலங்கள், ஒன்றில் வண்டல் அடித்தது, பக்கத்தில் அடிக்காதது. அப்படிப் பன்னிரண்டு பேர், இருபத்துநான்கு நிலங்கள். ஏன் நேர்காணல்? அதை அவரே சொல்லிவிட்டார்: வண்டலுக்கு நிலத்தைத் தேர்ந்தது குலுக்கல் அல்ல, விவசாயியின் கணிப்பு. அந்தக் கணிப்பைக் கேட்டுப் பதிவுசெய்யாமல் எண்ணுக்குப் பொருள் சொல்ல முடியாது.

முறையின் குறையைச் சொல்வதற்கும் இடம் இதுதான். வாக்லி–பிளாக் முறை மண்ணின் கரிமத்தை முழுவதும் பிடிப்பதில்லை. சராசரியாக 77 விழுக்காடுதான் அதில் ஆக்சிஜனேற்றம் ஆகும் என்று கொண்டு, கிடைத்த மதிப்பை ஏறத்தாழ 1.3ஆல் பெருக்குகிறார்கள். எல்லா மண்ணுக்கும் இதே எண் பொருந்தாது. ஏரி வண்டலின் கரிமமும் கொல்லை மண்ணின் கரிமமும் ஒரே அளவில் பிடிபடும் என்று உறுதியாகச் சொல்வதற்கில்லை. இதை மறைக்காமல் எழுதி, நான்கு மாதிரிகளையாவது உலர் எரிப்பு முறையில் சரிபார்ப்பேன் என்று மாணவி சேர்த்தார். மதிப்பீட்டாளர் கேட்கப்போகும் கேள்வி அது. கேட்பதற்குள் பதில் தாளில் வந்துவிட்டது.

உங்கள் துறையின் ஏணி எது என்று பாருங்கள்

நான் மேலே வைத்த வரிசையை எல்லாத் துறையும் ஒப்புக்கொள்ளாது. மொழி கற்பித்தலில் 1963இல் எட்வர்ட் ஆந்தனி என்பவர் மூன்று படி வைத்தார். மேலே அணுகுமுறை, அதற்கு இசைவாக முறை, அதைச் செயலாக்க வகுப்பறையில் உத்தி. பிறகு 1982இல் ரிச்சர்ட்ஸும் ராட்ஜர்ஸும் அதைக் கலைத்து அடுக்கினார்கள். அவர்களுக்கு முறை என்பது மேலே விரித்த குடை, அதன் கீழேதான் அணுகுமுறை, வடிவமைப்பு, செயல்முறை மூன்றும். சமூக ஆய்வில் மைக்கேல் குரோட்டி 1998இல் சொன்ன வரிசையில் இனவரைவியல் என்பது ஒரு முறையியல், நேர்காணல் என்பது முறை. அதே இனவரைவியலை வடிவமைப்பு என்றும், பண்புசார் ஆய்வு என்பதை அணுகுமுறை என்றும் அழைக்கும் பாடநூல்களும் உண்டு.

இதில் யார் சரி என்று சண்டை போட்டுப் பயனில்லை. உங்கள் துறையில் சென்ற மூன்று நான்கு ஆண்டுகளில் ஏற்கப்பட்ட முன்மொழிவுகள் இரண்டை வாங்கிப் பாருங்கள். அவர்கள் நேர்காணலை முறை என்கிறார்களா, உத்தி என்கிறார்களா? அதையே நீங்களும் எழுதுங்கள். வழிகாட்டிப் படிவத்தில் தலைப்பு தரப்பட்டிருந்தால் அதை மாற்றாதீர்கள். உங்கள் கையில் இருப்பது ஒன்றுதான்: முதல் பக்கத்தில் உத்தி என்றதை ஆறாம் பக்கத்தில் முறை என்று மாற்றாமல் இருப்பது. கதை எழுதும்போது ஒரே சொல் திரும்ப வந்தால் அலுக்கும். முன்மொழிவில் சொல் மாறினால், பொருளும் மாறிவிட்டதோ என்று படிப்பவர் தேடத் தொடங்குவார்.

'படும்' என்பதையும் கவனியுங்கள்

இது முறைச் சொற்களோடு ஒட்டிக்கொண்டே வரும் நோய். 'சேகரிக்கப்படும்', 'ஆராயப்படும்', 'பகுப்பாய்வுக்கு உட்படுத்தப்படும்'. யார் சேகரிப்பார்? மாணவியின் முன்மொழிவில் மண்ணை அவரே எடுத்துத் தரம்பார்ப்பதாகவும், உலர் எரிப்பில் சரிபார்க்கும் மாதிரிகளை மட்டும் வேறோர் ஆய்வகம் அளப்பதாகவும் ஏற்பாடு. 'படும்' என்ற வாலில் இந்த விவரம் முழுகிப்போயிருந்தது, ஆய்வகக் கட்டணமும் செலவுத் திட்டத்தில் விடுபட்டிருந்தது. 'எடுப்பேன்', 'ஆய்வகம் அளந்து தரும்' என்று எழுதியபோதுதான் இருவருக்கும் தெரிந்தது. 'நான்' வரக் கூடாது என்று நெறியாளர் பிடிவாதமாக இருந்தால் 'ஆய்வாளர் எடுப்பார்' என்று எழுதுங்கள். இறந்தகாலத்தில் மட்டும் எழுதாதீர்கள். பழைய ஆய்வேட்டைப் பார்த்து எழுதுகிறவர்கள் 'மாதிரிகள் சேகரிக்கப்பட்டன' என்று முன்மொழிவிலேயே போட்டுவிடுகிறார்கள், இன்னும் மண்வெட்டியே வாங்கவில்லை.

அனுப்புவதற்கு முன் ஒரு தேடல்

கணினியில் கோப்பைத் திறந்து Ctrl+F அழுத்தி 'முறை' என்று தட்டுங்கள். ஒவ்வொன்றாக நின்று, அந்தச் சொல்லை மறைத்துக்கொண்டு வாக்கியத்தைப் படியுங்கள். பொருள் குறையவில்லை என்றால் சொல்லை எடுத்துவிடுங்கள். 'நேர்காணல் முறையின் மூலம்' என்பது 'நேர்காணலில்' ஆகிவிடும். 'முறையாகப் பதிவுசெய்து' என்பது 'பதிவுசெய்து' ஆகும், அல்லது எந்தப் படிவத்தில் என்று சொல்ல வைக்கும்.

மாணவியின் முதல் வரைவில் இந்தத் தேடலுக்கு முப்பத்தொரு இடங்கள் மாட்டின. இரண்டாவது வரைவு ஒன்றரைப் பக்கம் கூடியிருந்தது, 'முறை' ஒன்பது இடங்களில்தான் இருந்தது. அதில் ஒன்று நீர்ப்பாசன முறை. அந்த ஊரில் யாருக்கு எந்த நாள் தண்ணீர் என்பது.